சிங்கப்பூரின் ஈரக் காற்றில் செங்கல் குளிர்ப்பெட்டி எவ்வளவு உதவும்?

கேள்வி: லிம் சூ காங்கில் குத்தகை நிலத்தில் வெண்டை, கத்தரி, பயற்றங்காய், காங்கோங், தண்டுக்கீரை பயிரிடுகிறோம். வாரம் இரண்டு முறை அறுவடை. ஒவ்வொரு முறையும் எண்பது கிலோ வரை கிடைக்கும். காலையில் பறித்தது மறுநாள் தேக்காவுக்குப் போவதற்குள் வாடிவிடுகிறது. செங்கல்லும் மணலும் வைத்துக் கட்டும் குளிர்ப்பெட்டியை ஊர்க் காணொளி ஒன்றில் பார்த்தேன். மின்சாரம் வேண்டாமாம். இங்கே கட்டினால் வேலை செய்யுமா, ஐயா?

பதில்: வணக்கம். வேலை செய்யும், ஆனால் காணொளியில் சொல்லும் காரணத்துக்காக அல்ல. அங்கே அது குளிர்விக்கும் பெட்டி. இங்கே அது முக்கியமாகக் காய்கறி தன் நீரை இழக்காமல் காக்கும் பெட்டி. விடியற்காலைக் குளிர்ச்சியை நண்பகல் தாண்டியும் பிடித்து வைப்பது அதன் இரண்டாவது வேலை. இந்த வேறுபாடு பிடிபட்டால்தான் எங்கே கட்டுவது, எப்போது நீர் ஊற்றுவது, எந்தக் காயை உள்ளே வைப்பது என்பதெல்லாம் தெளிவாகும்.

நீங்கள் பார்த்த வடிவம் பெரும்பாலும் டில்லி பூசாவில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில் 1980களின் தொடக்கத்தில் ராய், குர்தியா ஆகிய இருவர் உருவாக்கியதாக இருக்கும். இரட்டைச் செங்கல் சுவர், இடையே 7.5 செ.மீ. அகலத்தில் ஈர மணல், மேலே நனைத்த சாக்கு மூடி, அவ்வளவுதான். வெளியளவு 165 செ.மீ. நீளம், 115 செ.மீ. அகலம், உயரம் 67.5 செ.மீ. ஏறத்தாழ நூறு கிலோ கொள்ளும். உங்கள் எண்பது கிலோவுக்கு இந்த அளவு போதும், பெரிதாக்கத் தேவையில்லை.

இந்தப் பெட்டி எவ்வளவு குளிரும் என்பதைத் தீர்மானிப்பது ஈரக்குமிழ் வெப்பநிலை. ஒரு வெப்பமானியின் குமிழில் ஈரத் துணி சுற்றி விசிறினால் எந்த அளவில் இறங்கி நிற்கிறதோ, அதுவே ஆவியாதலால் எட்டக்கூடிய அடிமட்டம். எந்தப் பெட்டியும் அதற்குக் கீழே போகாது. நன்றாகக் கட்டிய பெட்டி, வெளி வெப்பத்துக்கும் அந்த அடிமட்டத்துக்கும் உள்ள இடைவெளியில் முக்கால் பங்கு வரை இறங்கும். டில்லியில் மே மாதப் பகல் 40 டிகிரி, ஈரப்பதம் 20 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் ஈரக்குமிழ் 23க்குச் சற்றுக் கீழே நிற்கும். பெட்டிக்குள் சுமார் 27 டிகிரி கிடைக்கும். வெளியே இருப்பதைவிடப் பதின்மூன்று டிகிரி குறைவு. அதைப் பார்ப்பவர் வியக்கத்தான் செய்வார்.

லிம் சூ காங்கில் பிற்பகல் இரண்டு மணிக்கு 32 டிகிரியும் 65 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால் ஈரக்குமிழ் 26.6 டிகிரி. இடைவெளி 5.4 டிகிரி மட்டுமே. அதில் முக்கால் பங்கு என்றால் நான்கு டிகிரி. பெட்டிக்குள் 28. டில்லிப் பெட்டிக்குள் இருப்பதைவிட இது ஒரு டிகிரிதான் அதிகம் என்பதைக் கவனியுங்கள். இரண்டு ஊர்களிலும் காய் கிட்டத்தட்ட ஒரே வெப்பநிலையில்தான் இருக்கிறது. மாறுவது வெளிக்காற்று மட்டுமே. ஆகவே ‘சிங்கப்பூரில் இது எடுபடாது’ என்று ஒரேயடியாகச் சொல்பவர்களும் பாதிதான் சரி. இரவில் கதை வேறு. 25.5 டிகிரியும் 92 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள நள்ளிரவில் இடைவெளி ஒரு டிகிரிதான்; ஆவியாதல் ஏறக்குறைய நின்றுவிடும். மழை பெய்யும்போதும் பெய்து ஓய்ந்த பிறகும் அதே நிலைதான். வடகிழக்குப் பருவக்காற்றின் பிற்பகுதியில், பிப்ரவரியில், காற்று வீசி வானம் வறண்டிருக்கும் சில வாரங்களில் மட்டும் இடைவெளி ஆறு டிகிரியைத் தாண்டக்கூடும்.

நான்கு டிகிரி குறைவதால் காயின் சுவாசம் ஏறத்தாழக் கால் பங்கு குறையும். அது நல்லதுதான், ஆனால் உங்கள் சிக்கல் அதுவல்ல. மறுநாளைக்குள் வாடுவது நீரிழப்பால். கீரை தன் எடையில் மூன்று முதல் ஐந்து விழுக்காடு நீரை இழந்தாலே துவண்டு, வாங்குபவர் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி வைக்கும் நிலைக்கு வந்துவிடும். நீரிழப்பை இழுப்பது காற்றின் தாகம், அதாவது காற்று முழுதும் நிறைய இன்னும் எவ்வளவு நீராவி வேண்டும் என்பது. மேலே சொன்ன பிற்பகல் காற்றில் அது 1.7 கிலோபாஸ்கல் அளவில் இருக்கும். 28 டிகிரியும் 90 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள பெட்டிக்குள் 0.4க்கும் குறைவு. கொட்டகையில் நான்கு கிராம் நீரை இழக்கும் அதே கீரைக்கட்டு பெட்டிக்குள் ஒரு கிராம்தான் இழக்கும். இந்தப் பெட்டி இங்கே தரும் உண்மையான ஆதாயம் இதுவே.

இரண்டாவது ஆதாயம் எடையிலிருந்து வருகிறது. மேலே சொன்ன அளவில் கட்டினால் செங்கல்லும் மணலும் சேர்ந்து ஏறத்தாழ ஒன்றரை டன் இருக்கும்; அது நனைந்த பிறகு இன்னும் கனக்கும். இரவு முழுவதும் 25 டிகிரிக் காற்றில் நின்ற அந்தக் கனம் காலையில் சூடேற வெகுநேரம் எடுத்துக்கொள்ளும். விடிந்ததும் பறித்த காயும் 25, 26 டிகிரியில்தான் இருக்கும். பகலில் பெட்டி தானாக எட்டக்கூடியதைவிட அது குளிர்ந்த நிலை. எனவே ஏழரை மணிக்குள் பறித்து, உடனே நிழலுக்குக் கொண்டுவந்து, எட்டு மணிக்குள் பெட்டியில் வைத்து மூடிவிட்டால், பெட்டி காயைக் குளிர்விக்க வேண்டியதே இல்லை. சூடேறாமல் பார்த்துக்கொண்டால் போதும். பத்து மணி வெயிலில் பறித்து 33 டிகிரிக் காயை உள்ளே கொட்டினால், அந்த வெப்பத்தை வெளியேற்றவே பெட்டிக்குப் பிற்பகல் முழுவதும் போய்விடும். பெட்டியைக் கட்டுவதற்கு முன்பே அறுவடை நேரத்தை மாற்றிப் பாருங்கள். வாடலில் ஒரு பகுதி அதிலேயே குறையும், செலவும் இல்லை.

இந்தக் கனத்துக்காகத்தான், கம்பி வலைகளுக்கு நடுவே கரியோ தேங்காய் நாரோ அடைத்துக் கட்டும் இலேசான வடிவத்தை உங்களுக்கு நான் பரிந்துரைக்கவில்லை. வறண்ட ஊர்களில் அது நன்றாக வேலை செய்யும். இங்கே இரவுக் குளிர்ச்சியைச் சேமித்து வைக்க அதனிடம் ஒன்றும் இல்லை. மின்விசிறி சேர்க்கலாமா என்று சிலர் கேட்பார்கள். விசிறியால் முக்கால் பங்கு என்பது தொண்ணூறு விழுக்காடு வரை உயரலாம், 5.4 டிகிரி இடைவெளியில் அது ஒரு டிகிரிகூட ஆகாது.

கட்டும்போது இடத்தைப் பற்றி நிறைய யோசியுங்கள். கொட்டகைச் சுவரை ஒட்டிக் கட்டுவதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். அங்கே காற்று தேங்கும், சுவர் ஈரம் உலராது, ஈரம் உலராவிட்டால் குளிர்ச்சி இல்லை. இங்கே டிசம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்கிலிருந்தும் ஜூன் முதல் செப்டம்பர் வரை தெற்கு, தென்மேற்குப் பக்கங்களிலிருந்தும் காற்று வரும். ஆகவே நீளப் பக்கங்கள் இரண்டும் வடகிழக்கையும் தென்மேற்கையும் பார்க்கும்படி, நான்கு பக்கமும் திறந்த இடத்தில் அமைப்பது நல்லது. மேலே தனிக்கூரை வேண்டும். அதன் இறவாரம் எல்லாப் பக்கமும் ஒரு மீட்டராவது வெளியே நீண்டிருக்க வேண்டும். மேற்கு வெயில் சுவரில் விழுந்தால் நீங்கள் கணக்கிட்ட நான்கு டிகிரி காணாமல் போகும். சுமத்ராக் காற்று அடிக்கும் விடியற்காலைகளில் சாரல் பக்கவாட்டில் வரும் என்பதையும் மறக்க வேண்டாம். குத்தகை நிலத்தில் நிரந்தரக் கட்டுமானத்துக்கு இசைவு உண்டா என்பதை ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். சுண்ணமோ சிமெண்டோ இல்லாமல் வெறும் செங்கல்லை அடுக்கியும் இதைக் கட்டலாம்; பிரித்து எடுப்பதும் எளிது.

செங்கல் வாங்குவதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். அழகுச் சுவருக்கென்று விற்கும் வழவழப்பான, கெட்டியாகச் சுட்ட செங்கல் நீரைக் குடிக்காது. ஒரு கல்லை உலர்ந்த நிலையில் எடை போட்டு, ஒரு நாள் நீரில் மூழ்கவைத்து, மேல் ஈரத்தைத் துடைத்துவிட்டு மறுபடி எடை போடுங்கள். எடை பன்னிரண்டு விழுக்காட்டுக்கு மேல் கூடினால் நல்ல கல். ஐந்துக்குக் கீழே என்றால் அந்தக் கல் வேண்டாம். வெளிச்சுவரில் பூச்சும் வண்ணமும் கூடவே கூடாது. இடையில் போடும் மணல் கழுவிய ஆற்று மணலாக இருக்க வேண்டும். உப்பு கலந்த மணல் சில மாதங்களில் செங்கல்லின் மேல் வெள்ளையாகப் பூத்து நுண்துளைகளை அடைத்துவிடும். அடியில் ஒரு வரிசை செங்கல் பரப்பி, அதன் கீழ் சரளைக்கல் போட்டு, தரைமட்டத்திலிருந்து ஒரு சாண் உயர்த்தினால், மிகுந்த நீர் தேங்காமல் வடியும்.

இந்த வடிகால் விஷயத்தைச் சற்று அழுத்திச் சொல்கிறேன். பெட்டியின் அடியிலோ சுற்றிலும் உள்ள வாய்க்காலிலோ நீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரிகள் வந்து பார்த்தால், ‘காய்க்காக ஊற்றிய நீர்’ என்ற விளக்கம் செல்லாது. ஈர மணலில் கொசு வளராது, தேங்கிய நீரில்தான் வளரும். எனவே அளந்து ஊற்றும் பழக்கம் வேண்டும். முதல் முறை நனைக்கும்போது செங்கல்லும் மணலும் சேர்ந்து நூறு லிட்டருக்கு மேல் குடிக்கும். அதை இரண்டு நாளில் சிறிது சிறிதாகக் கொடுங்கள். அதன்பின் நம் காற்றில் ஒரு பகலில் ஆவியாகக்கூடியது, என் கணக்குப்படி, பத்து லிட்டருக்குள்தான் இருக்கும். மணலின் மேல் துளையிட்ட குழாய் ஒன்றைச் சுற்றிலும் பதித்து, காலை எட்டு மணிக்கு ஒரு பங்கும் நண்பகலுக்குப் பின் ஒரு பங்கும் விடலாம். மாலையில் ஊற்றுவது வீண், ஏனென்றால் இரவில் அது எங்கும் போகாது. மணலைப் பத்து செ.மீ. ஆழத்தில் கிள்ளி எடுத்துப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் வழியக் கூடாது. பத்து லிட்டரைவிட மிகுதியாகத் தேவைப்படுகிறது என்றால், நீர் காற்றுக்குப் போகவில்லை, தரைக்குப் போகிறது.

இனி, ஊர்க் காணொளிகள் பேசாத ஒரு செய்தி. வறண்ட ஊரில் பெட்டியைப் பகலும் இரவும் மூடியே வைக்கலாம். இங்கே அப்படிச் செய்தால் காய் அழுகும். காய் உயிரோடு இருக்கிறது, மூச்சு விடுகிறது, வெப்பம் வெளியிடுகிறது. வெண்டை அதில் முன்னணி: 25 டிகிரியில் இருபது கிலோ வெண்டை ஏறத்தாழ 20 வாட் வெப்பம் தரும். இரவில் ஆவியாதல் நின்ற பிறகு மூடிய பெட்டிக்குள் அந்த வெப்பம் போக வழியில்லாமல், உள்ளே வெளியைவிடச் சூடாகி, காயின் மேலும் மூடியின் அடியிலும் நீர்த்துளி கோக்கும். 28 டிகிரியும் சொட்டும் ஈரமும் சேர்ந்தால் மென்னழுகல் பாக்டீரியாவுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. காம்பு வெட்டிய இடத்தில் வழவழப்பு, கீரையின் அடித்தண்டில் கண்ணாடி போன்ற நிறம், மூடியைத் திறந்ததும் புளித்த நாற்றம், இவைதான் அறிகுறிகள். நாற்றம் வந்துவிட்டால் அந்தக் கூடை முழுவதும் போனதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே விதி எளியது. உள்ளே ஒரு வெப்பமானி, வெளியே நிழலில் ஒன்று. உள் வெப்பம் குறைவாக இருக்கும்வரை மூடியிருக்கட்டும். இரண்டும் சமமானதும், பொதுவாக மாலை ஏழு மணிக்குமேல், சாக்கு மூடியை எடுத்துவிட்டு, எலியும் குரங்கும் நுழையாத கம்பி வலைச் சட்டத்தைப் போட்டுவிடுங்கள். காலையில் மூடியைத் திரும்பப் போடுங்கள். இரவுக் காற்று ஏற்கெனவே ஈரமானது என்பதால் திறந்து வைப்பதால் காய் வாடாது. பகலில் பெருமழை வந்தாலும் இதே விதிதான்.

காயை ஈரமாக உள்ளே வைக்கவே கூடாது. காங்கோங்கையும் தண்டுக்கீரையையும் பறித்தவுடன் அலசுவது நம்மவர் வழக்கம். அலசினால் நீரை உதறி, நிழலில் பரப்பி, இலைமேல் ஈரம் போன பிறகே வைக்க வேண்டும். என்னைக் கேட்டால் விற்பதற்குமுன் அலசினால் போதும். துளையுள்ள பிளாஸ்டிக் கூடைகளில், சுவரைத் தொடாமல், கீரையை நிறுத்தி வையுங்கள். அமுக்கி அடுக்க வேண்டாம். இரண்டு அறுவடைக்கு நடுவே பெட்டி காலியாக இருக்கும் நாளில், லிட்டருக்கு 4 மி.லி. என்ற கணக்கில் ஐந்து விழுக்காட்டு வீட்டு வெளுப்பு நீரைக் கலந்து உட்சுவரையும் கூடைகளையும் துடைத்து, மூடி திறந்தபடி உலரவிடுங்கள். சாக்கையும் வெயிலில் காயப் போடுங்கள். பூசணம் பிடித்த சாக்கே அடுத்த அறுவடையைக் கெடுக்கும்.

உங்கள் பயிர்களில் இந்தப் பெட்டிக்கு மிகவும் பொருந்துபவை வெண்டையும் கத்தரியும். இரண்டும் குளிர்சாதனப் பெட்டியின் நான்கு டிகிரியைத் தாங்காதவை. வெண்டையில் கரும்புள்ளியும் குழிவும் விழும், கத்தரியின் தோல் பள்ளம் விழுந்து உள்ளே விதை கறுக்கும். பயற்றங்காயும் காங்கோங்கும் அதுபோலவே அந்தக் குளிரைத் தாங்காதவைதான். தண்டுக்கீரை மறுநாள் காலைவரை நிற்கும். அதற்குமேல் நான் நம்பமாட்டேன். வெண்டை, கத்தரிக்கு இரண்டு மூன்று நாள் எதிர்பார்க்கலாம் என்பது என் மதிப்பீடு. பழுத்த தக்காளியையும் வாழைப்பழத்தையும் இவற்றோடு வைக்காதீர்கள். அவை விடும் எத்திலீன் கீரையை மஞ்சளாக்கும். பின்னால் சாலட் கீரை வகைகளைப் பயிரிட நினைத்தால், அவற்றுக்கு உறைநிலையை ஒட்டிய குளிர்ச்சி வேண்டும், குளிர்சாதன அறை தவிர வேறு வழியில்லை.

பெட்டி சரியாக இயங்குகிறதா என்பதைப் பிற்பகல் இரண்டு மணிக்குப் பாருங்கள். வெளியே 32, ஈரக்குமிழ் 26.6, உள்ளே 28 என்றால் 4ஐ 5.4ஆல் வகுக்க 0.74 வரும், அது நல்ல பெட்டி. 0.5க்குக் கீழே போனால் உள்ளே ஈரப்பதத்தைப் பாருங்கள். ஈரப்பதமும் குறைவாக இருந்தால் மணல் காய்ந்திருக்கிறது, அல்லது செங்கல் துளைகள் அடைத்திருக்கின்றன. ஈரப்பதம் நிறைந்தும் குளிர்ச்சி இல்லையென்றால் வெயில் படுகிறது, காற்று தேங்குகிறது, இல்லையேல் சூடான காயை அளவுக்கு மீறி அடைத்திருக்கிறீர்கள்.

ஒன்றரை டன் சுமப்பதற்கு முன் சிறிய சோதனை ஒன்று செய்யலாம். சிராங்கூன் ரோட்டில் பொங்கலையொட்டி விற்கும் மண்பானைகளில் பெரியது ஒன்று, அதற்குள் அடங்கும் சிறியது ஒன்று வாங்கி, இடையில் மணல் நிரப்பி நனைத்து, ஈரத்துணியால் மூடி, உங்கள் கூரையடியில் காற்றுப்படும் இடத்தில் வையுங்கள். பளபளப்புப் பூச்சோ வண்ணமோ இல்லாத பானையாக இருக்க வேண்டும். ஒரே வேளையில் பறித்த வெண்டையிலும் கீரையிலும் சம எடையில் ஒரு பங்கைச் சிறிய பானைக்குள்ளும் மற்றொன்றைக் கொட்டகையிலும் வைத்து, காலை எட்டு, மாலை ஆறு, மறுநாள் காலை எட்டு ஆகிய மூன்று வேளைகளில் சமையல் தராசில் நிறுங்கள். பானைக்குக் கனம் குறைவு என்பதால் பெட்டி இதைவிடச் சற்று நன்றாகவே செய்யும். பகல் நேர எடையிழப்பு கொட்டகையில் உள்ளதைவிடப் பாதிக்கும் கீழாக வந்தால் கட்டுங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால், உங்கள் கொட்டகையே போதிய நிழலும் ஈரமும் உள்ள இடம் என்று பொருள்; அப்போது கூடைகளின் மேல் ஈரச் சாக்கு போட்டு, அறுவடையை விடியலுக்கு நகர்த்தினால் போதும்.